பத்துக்குப் பத்து எடுத்த பிள்ளையின் பெயரை யார் சொல்வது?

ஜூன் கடைசியில் இத்தாலியப் பாடசாலைகள் 'தெர்ஸா மேதியா' தேர்வின் பெறுபேறுகளை வெளியிட்டு முடித்ததும், எமது முகநூல் பக்கங்களில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கிவிடும். பிள்ளையின் கடவுச்சீட்டு அளவுப் படம், அதைச் சுற்றி ஒரு மலர் வளையம், கீழே பெயர், தகப்பன் பெயர், ஊர், பாடசாலை, புள்ளி. பலெர்மோவில் ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலிருந்து பல்லரோ சந்தைப் பக்கம் நடந்தால் எட்டும் தெருக்களில்தான் எங்கள் குடும்பங்கள் பல முதலில் வேர்விட்டன. அந்தத் தெருக்களில் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கும் ஒரு ரியூசன் நிலையத்துக்கு இந்தப் படம்தான் விளம்பரம். அடுத்த செப்டெம்பரில் எத்தனை பிள்ளைகள் சேருவார்கள் என்பதை அது தீர்மானிக்கிறது. ஆகவே படம் போடாதே என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. எதைப் போடலாம், படத்தின் கீழே எப்படி எழுதலாம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை இத்தாலி அரசே ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தது. 2020ஆம் ஆண்டு, கொரோனாவால் பாடசாலைகள் பூட்டியிருந்தன. வழமையாகப் பெறுபேறு பாடசாலை வாசலில் ஒட்டப்படும். அந்த அறிவித்தல் தாளை 'தபெல்லோனே' என்பார்கள். வாசலே பூட்டியிருந்தால் எங்கே ஒட்டுவது? மே மாதத்தில் வந்த அமைச்சின் கட்டளையைப் பல அதிபர்கள் இணையத்தில் போடலாம் என்று விளங்கிக்கொண்டார்கள். தரவுப் பாதுகாப்பு ஆணையமான 'கரான்தே' அதற்கு உடன்படவில்லை. ஜூன் 9ஆம் திகதி கல்வியமைச்சு ஒரு குறிப்பு அனுப்பி விடயத்தைத் தெளிவாக்கியது. மேல் வகுப்புக்குத் தகுதி பெற்றார், பெறவில்லை என்பதை மட்டும், அந்தந்த வகுப்புப் பிள்ளைகள் கடவுச்சொல் போட்டுப் பார்க்கும் மின்பதிவேட்டின் பகுதியில் போடலாம். பாடவாரிப் புள்ளிகளை ஒவ்வொரு பிள்ளையும் தன் பகுதியில் மட்டும் பார்க்கலாம். எல்லாருக்கும் திறந்த இணையப் பக்கத்தில் எதுவும் போடக்கூடாது.

கரான்தே சொன்ன காரணம்தான் எமக்கு முக்கியம். இத்தாலியச் சட்டப்படி தேர்வின் இறுதிப் பெறுபேறு இரகசியம் இல்லை. பாடசாலைச் சுவரில் ஒட்டலாம், ஒட்டத்தான் வேண்டும். ஆனால் சுவர் வேறு, இணையம் வேறு. சுவரில் ஒட்டியதை அந்தத் தெருவுக்கு வருகிறவர் பார்ப்பார், சில நாட்களில் தாள் கிழிக்கப்படும். இணையத்தில் போட்டதை யாரும் எடுத்துச் சேமிக்கலாம், வேறு தகவல்களோடு சேர்த்துப் பொருத்திப் பார்க்கலாம், எத்தனை வருடம் கழித்தும் தேடி எடுக்கலாம். தகவல் அதேதான், ஆனால் அது போய்ச் சேரும் தூரமும் நிலைத்திருக்கும் காலமும் மாறிவிடுகின்றன.

சுவரில் ஒட்டும்போதும் சட்டம் சிலவற்றை மறைக்கிறது. தெர்ஸா மேதியாவில் சித்தியடையாத பிள்ளைக்குப் புள்ளி காட்டப்படுவதில்லை, சித்தியில்லை என்ற செய்தி மட்டும் இருக்கும். எழுத்து வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்கு வேறுபட்ட முறையில் தேர்வு வைக்கப்பட்டிருந்தால் அந்த விபரம் தாளிலும் வராது, சான்றிதழிலும் வராது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதை எழுத்தில் வைத்திருக்கிறது. ஆனால் எமது படக்குறிப்புகளில் 'கற்றல் இடர்ப்பாடு இருந்தும் 8 புள்ளிகள் பெற்ற' என்று பாராட்டாகவே எழுதிவிடுகிறார்கள். எழுதியவர் மனதில் பெருமைதான் இருந்திருக்கும். ஆனால் அது அந்தப் பிள்ளையின் உடல்நலம் பற்றிய தகவல், ஐரோப்பியச் சட்டம் மற்ற எல்லாத் தகவலையும் விட இறுக்கமாகக் காக்கும் வகை.

இது பாடசாலைகளுக்கான சட்டம், எங்கள் ரியூசனுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் பொருந்தாது, நாங்கள் சின்ன ஆட்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதற்கு 2003 நவம்பர் 6ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு பதில் சொல்கிறது. சுவீடனில் அல்சேடா என்ற ஊர்த் தேவாலயத்தில் மறைக்கல்வி சொல்லிக் கொடுத்த போடில் லிண்ட்க்விஸ்ட் என்ற பெண், 1998இல் தன் வீட்டுக் கணினியில் சில இணையப் பக்கங்கள் செய்தார். உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு உதவுவதுதான் நோக்கம். அதில் தன்னோடு வேலை செய்யும் பதினெட்டுப் பேர் பற்றியும் கொஞ்சம் பகிடியாக எழுதினார். சிலருக்கு முழுப்பெயர், சிலருக்கு முதற்பெயர் மட்டும். ஒருவர் காலில் காயப்பட்டதால் அரைநேர வேலை செய்கிறார் என்றும் ஒரு வரி. எதிர்ப்பு வந்ததும் பக்கத்தை உடனே எடுத்துவிட்டார். ஆனாலும் உள்ளூர் நீதிமன்றம் 4,000 குரோனர் தண்டம் விதித்தது. மேன்முறையீட்டில் வழக்கு லக்சம்பேர்க் வரை போனது. நல்ல நோக்கமும் சம்பளமில்லாத தொண்டும் போதாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம். கணக்கற்ற ஆட்கள் பார்க்கக்கூடிய இணையத்தில் போட்டால், அதை வீட்டுக்குள் நடக்கும் தனிப்பட்ட காரியம் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தக் கால் காயமும் உடல்நலத் தகவலே என்றும் தீர்ப்பு சொன்னது.

கோயில் மண்டபத்தில் ஞாயிறு வகுப்பு நடத்தும் ஒரு தொண்டர் ஆசிரியையை நினைத்துப் பாருங்கள். லிண்ட்க்விஸ்ட் நின்ற இடத்தில்தான் அவரும் நிற்கிறார். காசு வாங்கி நடத்தும் ரியூசன் நிலையத்துக்கு அந்த அளவு சாட்டும் கிடையாது.

இனி எமது படக்குறிப்பையே எடுத்துப் பார்ப்போம். கீழே உள்ளது நான் கட்டிய உதாரணம். ஆனால் வாசகர்களுக்கு அதன் நடை பழக்கமாகவே இருக்கும்:

'யாழ். தெல்லிப்பழையைப் பூர்வீகமாகவும் இத்தாலி பலெர்மோவை வதிவிடமாகவும் கொண்ட திரு. திருமதி … தம்பதிகளின் கனிஷ்ட புதல்வி செல்வி …, ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு அருகில் உள்ள … பாடசாலையில் பயின்று தெர்ஸா மேதியா தேர்வில் 10க்கு 10 பெற்று எமது நிலையத்துக்குப் பெருமை சேர்த்துள்ளார்.'

இந்த நடை எங்கிருந்து வந்தது? மரண அறிவித்தலிலிருந்து. 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்ற அந்த அச்சிலேதான் எமது எல்லா வாழ்த்துச் செய்திகளும் வார்க்கப்படுகின்றன. மரண அறிவித்தலில் அதற்கு ஒரு தேவை உண்டு. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் உறவுகள் ஆளை அடையாளம் காண வேண்டும். அதற்காகவே ஊர், பெற்றோர், சகோதரர், இருக்கும் நாடு எல்லாம் வரிசையாக வருகின்றன. அதாவது அந்த அச்சு ஓர் ஆளைத் தவறில்லாமல் கண்டுபிடிக்கச் செய்யப்பட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளையை அதே அச்சுக்குள் போட்டால் அதே வேலையைத்தான் செய்யும். நாட்டில் உள்ள ஊர், இங்குள்ள நகரம், தாய் தகப்பன் பெயர், முகம், பிள்ளை தினமும் காலை எட்டு மணிக்கு எந்த வாசலில் நிற்கும் என்ற விபரம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

எமது பெயர் முறை இதை இன்னும் இலகுவாக்குகிறது. இத்தாலியப் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் ஒன்று, அதை ஊரில் பலர் பகிர்வார்கள். எமது பிள்ளைகளின் ஆவணங்களில் குடும்பப் பெயர் என்று இருப்பது பெரும்பாலும் தகப்பனின் அல்லது பேரனின் சொந்தப் பெயர். எனவே பிள்ளையின் பெயரைப் போட்டாலே தகப்பனின் பெயரையும் போட்டதாகிவிடும். அந்தத் தகப்பன் தஞ்சக் கோரிக்கை வைத்தவராக இருக்கலாம். எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை ஊரில் சொல்லாமல் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். கணவனின் அடிக்குத் தப்பி வேறு நகரத்திலிருந்து பிள்ளையோடு பலெர்மோவுக்கு வந்த தாயும் எமக்குள் இருக்கிறார். பாடசாலையில் சேர இத்தாலி இவர்களிடம் வதிவிட அனுமதி கேட்பதில்லை, அனுமதி இல்லாத குடும்பத்தின் பிள்ளைக்கும் படிக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. அப்படி இத்தாலிப் பாடசாலை அமைதியாகக் காத்துக் கொடுத்ததை எமது வாழ்த்துப் படம் ஒரு பின்னேரத்தில் வெளியே விட்டுவிடக் கூடாது.

பெயரை எடுத்துவிட்டால் போதுமா? போதாது. எமது சமூகம் சிறியது என்பதால் எண்ணிக்கையும் ஆளைக் காட்டும். ஒரு நிலையத்தில் பதினான்கு பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை சித்தியடையவில்லை. நிலையம் நல்ல மனதோடு பெயரில்லாமல் எழுதுகிறது: '14 பேரில் 13 பேர் சித்தி, 9 பேருக்கு 8க்கு மேல்.' கூடவே ஒரு குழுப்படம். பெற்றோர்கள் தங்கள் தங்கள் பிள்ளையின் புள்ளியைப் பின்னூட்டத்தில் எழுதத் தொடங்குகிறார்கள். அரை மணித்தியாலத்தில் எழுதாத ஒரு வீடு எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். சித்தியடைந்தவர்களின் படங்களை மட்டும் வரிசையாகப் போட்டாலும் இதே கதைதான், வகுப்பில் இருந்த பதினான்காவது முகம் இல்லாததே செய்தியாகிவிடும். புள்ளிவிபரம் வெளியிடும் திணைக்களங்கள் மிகச் சிறிய எண்ணிக்கைகளை அட்டவணையில் மறைத்துவிடுவது இதற்காகத்தான். ரியூசன் நிலையத்துக்கு நான் சொல்வது: இருபது முப்பது பேருக்குக் குறைந்த வகுப்பென்றால் சித்தி வீதத்தையே எழுதாதீர்கள். பல வருடங்களைச் சேர்த்து எழுதினால் எழுதலாம். முகத்துக்கு மேல் சிரிப்புக் குறி ஒட்டுவதும் எமக்குள் பயன் தராது. சட்டையையும் பக்கத்தில் நிற்கும் தம்பியையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம்.

சான்றிதழைப் படமெடுத்துப் போடுவது இன்னொரு பழக்கம். அதில் பிறந்த திகதி, பிறந்த இடம் எல்லாம் இருக்கும். இலங்கைப் பரீட்சை எழுதிய மருமக்களின் படத்தைப் போடுகிறவர்கள் சுட்டெண்ணை விட்டுவிடுகிறார்கள். பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் சுட்டெண்ணைப் போட்டால் பாடவாரியாக எல்லாம் திறக்கும். '9ஏ' என்று பெருமையாகப் போட்டவருக்கு அது கவலையில்லை. 'நல்ல பெறுபேறு' என்று மட்டும் எழுதி, அனுமதி அட்டையின் படத்தைக் கூடவே போட்டவருக்கு?

அடுத்தது சம்மதம். சேரும்போதே படிவத்தில் ஒரு வரி வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பார்கள். இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி நிலைய விளம்பரங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டி இதே இடத்தில் கை வைத்திருக்கிறது. மாணவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் பயன்படுத்த எழுத்துச் சம்மதம் வேண்டும், அதுவும் அவர் தேர்வில் வெற்றி பெற்ற பின்பு வாங்கிய சம்மதமாக இருக்க வேண்டும். சேரும்போது எந்தத் தாளுக்கும் கையெழுத்துப் போடுவோம், பிள்ளைக்கு இடம் வேண்டுமே. பெறுபேறு கையில் வந்த பிறகு கேட்டால்தான் எதைக் கொடுக்கிறோம் என்று தெரியும். டெல்லியிலும் கோட்டாவிலும் பெரிய பயிற்சி நிறுவனங்கள் ஒரே மாணவரின் படத்தை ஆளுக்கு ஆள் உரிமை கொண்டாடியதன் விளைவாக வந்த விதி இது. எங்கள் அளவுக்கும் அது சரியாகப் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் நான் கூட்டிச் சொல்வேன். புள்ளி கூடியவர்களிடம் மட்டும் கேட்டால், கேட்கப்படாதவர் யார் என்பது மறுபடி செய்தியாகும். எல்லா வீட்டையும் கேளுங்கள்.

இங்கே வயது பற்றி ஒரு குழப்பம் ஓடுகிறது. இத்தாலியில் பதினான்கு வயதுப் பிள்ளை தானே சம்மதம் கொடுக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் அந்த வயது, பிள்ளை தானாக ஒரு சமூக ஊடகக் கணக்குப் போன்ற இணையச் சேவையில் சேருவதற்கானது. ரியூசன் நிலையம் பிள்ளையின் படத்தை விளம்பரமாகப் போட அது அனுமதிச் சீட்டு இல்லை. பதினெட்டு வயது வரை பெற்றோரைக் கேட்பதுதான் பாதுகாப்பு. பெற்றோர் என்றால் இருவரும்: 2017 செப்டெம்பரில் மான்தோவா நீதிமன்றம், தகப்பன் மறுத்திருந்தும் தாய் முகநூலில் போட்ட பிள்ளைகளின் படங்களை எடுக்கச் சொன்னது. தெர்ஸா மேதியா எழுதும் பிள்ளைகள் பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் நிற்பவர்கள். அவர்களுக்கு இதில் சொந்த அபிப்பிராயம் நன்றாகவே உண்டு, அவர்களிடமும் கேளுங்கள். தாய் ஓம் என்று தலையாட்டும்போது மகள் கீழே பார்த்துக்கொண்டு நின்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், கொடுத்த அளவு இலகுவாகப் பெற முடிய வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒழுங்குவிதி. முகநூல் பதிவை அழிக்கலாம். ஆனால் வட்ஸ்அப்பில் ஸ்காபரோவுக்கும் லாச்சப்பலுக்கும் போன படத்தை யார் அழிப்பது? அதனால் தான் முதல் நாள் என்ன போடுகிறோம் என்பதில் கவனம் தேவை.

படிப்பித்தவர்கள் முன்னிறுத்தும் ஒரு நியாயத்தையும் பார்க்க வேண்டும். 'நாங்கள் உழைத்தோம், அதைச் சொல்லக் கூடாதா?' சொல்லலாம். ஆனால் புள்ளி அந்த உழைப்பைச் சரியாகக் காட்டுகிறதா என்றால் அதிலும் சிக்கல் இருக்கிறது. தெர்ஸா மேதியாவின் இறுதிப் புள்ளியில் பாதி, பாடசாலை கொடுக்கும் அனுமதிப் புள்ளி. மூன்று வருடப் படிப்பையும் பார்த்து ஆசிரியர் குழு அதைத் தருகிறது. மீதிப் பாதிதான் இத்தாலிய மொழி, கணிதம், அந்நிய மொழிகள் ஆகிய மூன்று எழுத்துத் தேர்வுகளும் வாய்மொழித் தேர்வும் சேர்ந்த சராசரி. ஏப்ரலில் ரியூசனுக்கு வந்து ஜூனில் 10 எடுத்த பிள்ளையின் 10இல் நிலையத்தின் பங்கு எவ்வளவு? வந்தபோது 4 எடுத்துக்கொண்டிருந்து மூன்று வருடத்தில் 7க்கு ஏறிய பிள்ளையிடம்தான் ஆசிரியரின் உழைப்பு கூடத் தெரியும். அந்தப் பிள்ளையின் படம் எந்த மலர் வளையத்துக்குள்ளும் வருவதில்லை.

தமிழ்நாட்டில் 2017இல் பிளஸ் டூவுக்கும் பத்தாம் வகுப்புக்கும் மாநில முதலிடங்களை அறிவிப்பதை அரசு நிறுத்தியது. அதுவரை பெறுபேறு நாளன்று முதலிடப் பிள்ளையின் வாயில் தாய் இனிப்பு ஊட்டும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். பட்டியல் நின்ற பிறகும் பிள்ளைகள் படிப்பதும் பள்ளிகள் விளம்பரம் செய்வதும் நிற்கவில்லை.

அப்படியானால் படக்குறிப்பை எப்படி எழுதலாம்? மேலே உள்ள உதாரணத்தையே மாற்றிப் பார்க்கிறேன்:

'எம்மிடம் மூன்று வருடம் கணிதமும் ஆங்கிலமும் படித்த பிள்ளைகள் இம்முறை தெர்ஸா மேதியா எழுதி முடித்திருக்கிறார்கள். பின்னக் கணக்கில் தொடங்கிய வகுப்பு, சமன்பாட்டை விளங்கப்படுத்தும் அளவுக்கு வந்திருக்கிறது. கடைசி மாதம் முழுவதும் வாய்மொழித் தேர்வுக்காக ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகினார்கள். பிள்ளைகளுக்கும், வேலை முடித்து இரவு எட்டு மணிக்கு வாசலில் காத்து நின்ற தாய் தகப்பனுக்கும் எங்கள் வாழ்த்துகள்.'

படம் வேண்டுமென்றால் பிள்ளைகள் எழுதி நிரப்பிய கரும்பலகை, தேய்ந்த கொப்பிகள், மேசையில் கைகள். கொப்பியின் அட்டையில் பெயர் தெரிகிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். சித்தியடையாத பிள்ளையும் இந்தக் குறிப்புக்குள் இருக்கிறது, அதை வாசிக்கும் யாருக்கும் அது தெரியாது. புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கும் 10க்கு 10ஐ விட இது கூடச் சொல்கிறது. என்ன பாடம், எத்தனை காலம், எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று தெரிகிறது.

பெயரும் புள்ளியும் சொல்லிக் கொண்டாடவும் இடம் வேண்டும்தான். அதற்கு எமக்கும் ஒரு சுவர் இருக்கிறது. நிலையத்தின் உள்ளறையில், பிள்ளைகள் விரும்பினால், ஒரு தாளில் பெயர்களை எழுதி ஒட்டலாம். ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுக்கலாம், மண்டபத்தில் இருப்பவர்கள் கைதட்டட்டும். அந்த நேரத்தில் முகநூல் நேரலை ஓடக்கூடாது, அவ்வளவுதான். தன் பிள்ளையின் வெற்றியைத் தன் பக்கத்தில் போடுவது பெற்றோரின் விருப்பம், அதைப் பிள்ளையோடு பேசி அவர்கள் முடிவெடுப்பார்கள். 'ரியூசன்காரர் ஏன் என் மகளின் படத்தைப் போடவில்லை' என்று கோபிக்கும் தாய்க்கு நிலையம் ஒரு வாழ்த்து மடல் செய்து கையில் கொடுக்கலாம். எங்கே காட்டுவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

பழைய பதிவுகள் மிச்சம். செப்டெம்பர் வகுப்பு தொடங்கு முன், ஒரு ஞாயிறு பின்னேரம் இருந்து பின்னோக்கிப் போனால் ஐந்தாறு வருடப் பதிவுகளைத் துப்புரவாக்கிவிடலாம். படக்குறிப்பைத் திருத்தினால் மட்டும் காணாது. கீழே 'வாழ்த்துகள் …, உன் அப்பா பெயரைக் காப்பாற்றிவிட்டாய்' என்று மாமா எழுதிய பின்னூட்டத்திலும் பெயர் இருக்கும். படத்தில் குறியிடப்பட்ட கணக்குகளும், நிலையத்தின் சொந்த இணையத்தளத்தில் பிள்ளையின் பெயரிலேயே சேமித்த படக்கோப்பும் இருக்கும். செய்தித்தளங்கள் எடுத்துப் போட்ட பிரதிகளுக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும், அதில் இணைப்பை வைத்து நீக்கச் சொன்னால் போதும், காரணம் விளக்கத் தேவையில்லை. எங்களைப் போன்ற தளங்களுக்கும் அந்த மின்னஞ்சல் வரலாம்.